மெஸ் பில்லில் கழிவு ஏன் குறைவாக வந்தது? வீட்டுக் கணக்கில் எந்தத் தொகையை எழுதுவது?

முதலாண்டு மாணவியின் தாய்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கென்று தனி நோட்டு வைத்திருக்கிறோம். மூத்தவள் இந்த ஆண்டு கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். நவம்பர் மாத மெஸ் பில்லை நேற்று அனுப்பியிருந்தாள். அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது.

பில்லில் இருப்பது இவ்வளவுதான்: எஸ்டாப்ளிஷ்மென்ட் கட்டணம் 900 ரூபாய். உணவு 30 நாள், நாளொன்றுக்கு 120 வீதம் 3,600. எக்ஸ்ட்ரா 340. அக்டோபர் மாத ரிபேட் 720 கழிக்கப்பட்டிருக்கிறது. ஆக மொத்தம் 4,120. அதற்குக் கீழே, முன்பண இருப்பு 2,980 என்று ஒரு வரி.

தீபாவளிக்கு அவள் அக்டோபர் 17 அன்று புறப்பட்டு 26 அன்று திரும்பினாள். விடுப்புப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்திருந்தாள். பத்து நாளுக்கு 120 வீதம் 1,200 ரூபாய் குறையும் என்று எதிர்பார்த்தேன். வந்தது 720. அதுவும் அக்டோபர் பில்லில் வராமல் ஒரு மாதம் கழித்து வந்திருக்கிறது. நவம்பர் செலவு என்று நோட்டில் 4,120-ஐ எழுதுவதா, 4,840-ஐ எழுதுவதா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

இரு மகன்களின் தந்தை

எங்களுக்கும் இதே அனுபவம்தான், சகோதரி. பிள்ளை சாப்பிடாத சாப்பாட்டுக்குக் காசு வாங்குகிறார்கள். பத்து நாள் இல்லையென்றால் பத்து நாள் காசையும் திருப்பித் தரத்தான் வேண்டும். வார்டனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னொன்று, இந்த ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். 80சி பிரிவில் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து விடுதிக் கட்டணத்தையும் காட்டலாம். நான் அப்படித்தான் அலுவலகத்தில் கொடுக்கப்போகிறேன்.

விடுதி அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்

தந்தையே, முதலில் உங்கள் இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன், அலுவலகத்தில் கொடுப்பதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு 80சி பிரிவில் சேர்வது டியூஷன் கட்டணம் மட்டும்தான். அறை வாடகையும் மெஸ் கட்டணமும் அதில் சேராது. ஒரே ரசீதில் எல்லாம் கலந்திருந்தால், டியூஷன் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் சான்று ஒன்றைக் கல்லூரியிலிருந்து கேட்டு வாங்குங்கள்.

இனி அம்மாவின் பில். 1,200-க்கும் 720-க்கும் இடையே 480 ரூபாய் வித்தியாசம். இது இரண்டு துண்டாகப் பிரியும்.

720-ஐ 90-ஆல் வகுத்துப் பாருங்கள், எட்டு வரும். அதாவது உங்கள் விடுதி எட்டு நாளுக்கு, நாளொன்றுக்கு 90 ரூபாய் கழித்திருக்கிறது. பத்து நாள் எப்படி எட்டானது? பெரும்பாலான விடுதிகளில் புறப்படும் நாளும் திரும்பும் நாளும் கழிவில் சேராது. 17 காலையில் உணவு எடுத்திருப்பாள், 26 இரவு சாப்பிட்டிருப்பாள். 18 முதல் 25 வரை எண்ணினால் சரியாக எட்டு. இந்த இரண்டு நாளுக்கு 240 ரூபாய் போயிற்று.

மீதி 240, எட்டு நாளுக்கு முப்பது ரூபாய் வீதம் நின்றுபோனது. நாள் கட்டணம் 120 என்றாலும் அதில் ஒரு பகுதி பொருளுக்கு, மற்றொரு பகுதி எரிவாயு, சமையல் கூலி போன்றவற்றுக்கு என்று உள்ளே பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு மாணவி ஊருக்குப் போனால் அவளுடைய அரிசியும் காய்கறியும் மிச்சமாகும். அடுப்பு எரிவது குறையாது. ஆகவே பொருள் பகுதியை மட்டும் திருப்பித் தருவது பல இடங்களில் வழக்கம். சேர்க்கையின்போது கொடுத்த விதித்தாளில் இந்தப் பிரிவு இருக்க வேண்டும், எடுத்துப் பாருங்கள்.

ஒரு மாதம் தாமதமானதற்குக் காரணம் எளிது. மாதக் கடைசியில் பில் தயாராகும்போது வாயில் பதிவேட்டோடு விடுப்புப் படிவங்களை ஒப்பிட்டு முடித்திருக்க மாட்டார்கள். ஆகவே முழு மாதத்துக்கும் பில் போட்டுவிட்டு, கழிவை அடுத்த பில்லில் தருவார்கள். உங்கள் நோட்டில் அதை அக்டோபரிலேயே கழித்து எழுதுங்கள். நவம்பரின் உண்மைச் செலவு 4,840. அக்டோபர் பில் எவ்வளவு?

முதலாண்டு மாணவியின் தாய்

அக்டோபர் பில் 5,030, ஐயா. செப்டம்பர் 4,870. ஆகஸ்டில் பாதி மாதம்தான் இருந்தாள், 3,000. ஆகஸ்டில் சேரும்போது ஒரே தடவையாக 34,500 கட்டினோம். அறை வாடகை 9,500, காஷன் டெபாசிட் 5,000, மெஸ் முன்பணம் 20,000.

விடுதி அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்

அப்படியானால் அக்டோபர் 4,310 ஆகிறது. ஆனால் இந்த முன்பண விஷயம் ரிபேட்டைவிடப் பெரியது. என் மேசைக்கு வந்த பெற்றோரில் எத்தனையோ பேர் இதில்தான் குழம்பி நின்றார்கள். சேர்க்கை அன்று கட்டிய 34,500-ஐயும் எழுதுவார்கள், பிறகு மாதாமாதம் வரும் பில்லையும் எழுதுவார்கள். உங்கள் கணக்கில் நான்கு பில்லும் சேர்ந்து 17,020. இரண்டையும் கூட்டினால் 51,520 என்று வரும். இந்தப் பில்களுக்காக நீங்கள் புதிதாக ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை, முன்பணத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். இருபதாயிரத்தில் 17,020 போக 2,980 மிச்சம். பில்லின் அடியில் இருக்கும் இருப்பு வரியும் அதையே சொல்கிறது.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். கையிலிருந்து பணம் போன தேதி ஒரு பத்தியில், அது செலவான மாதம் இன்னொரு பத்தியில். முதல் பத்தியில் 34,500 மட்டும் இருக்கும். இரண்டாவதில் வாடகை 9,500-ம் மெஸ் 17,020-ம் சேர்ந்து 26,520. மீதி 7,980 விடுதியிடம் இருக்கும் உங்கள் பணம்: டெபாசிட் 5,000, முன்பண இருப்பு 2,980. ஒவ்வொரு மாதமும் இந்தக் கூட்டல் 34,500-க்குத் திரும்பி வருகிறதா என்று பார்த்தாலே போதும். வரவில்லையென்றால் ஒரு பில் விடுபட்டிருக்கிறது, அல்லது விடுதி எதையோ இருமுறை பிடித்திருக்கிறது.

மூன்றாமாண்டு மாணவன், மெஸ் குழு உறுப்பினர்

ஐயா சொன்னது நிலையான நாள் கட்டணம் உள்ள விடுதிக்குப் பொருந்தும். எங்களுடையது டிவைடிங் மெஸ். எங்கள் பில்லில் ரிபேட் என்ற வரியே இருக்காது. அதைத் தேடி வீட்டில் கவலைப்பட்டிருக்கிறார்கள். எங்களுக்கு நாள் எண்ணிக்கையிலேயே கழிந்துவிடும். 31 என்று இருக்க வேண்டிய இடத்தில் 23 என்று இருந்தால் எட்டு நாள் கழிந்ததாகப் பொருள். 31 என்றே இருந்தால் படிவம் ஏற்கப்படவில்லை. தொடர்ந்து குறைந்தபட்ச நாள்கள் வெளியே இருந்தால்தான் எங்களிடம் கழிவு உண்டு. சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போனால் கிடைக்காது.

நாள் கட்டணம் மாதாமாதம் மாறும். மாதச் செலவு முழுவதையும், மாணவர்கள் சாப்பிட்ட நாள்களின் மொத்தத்தால் வகுப்போம். உதாரணமாக, ஒரு மாதம் செலவு 5,40,000, மொத்த நாள்கள் 4,500 என்றால் நாளுக்கு 120. விடுமுறை மாதத்தில் நாள்கள் 3,000 ஆகக் குறையும், செலவு அதே அளவில் குறையாது. 3,96,000-இல் நின்றாலும் நாளுக்கு 132 ஆகிவிடும். விடுதியிலேயே தங்கியவர்தான் அந்தப் பன்னிரண்டு ரூபாயைச் சுமக்கிறார். அறிவிப்புப் பலகையில் இந்த வகுத்தல் கணக்கை ஒட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவேன். அப்பா அதையும் பில்லோடு சேர்த்து வைக்கிறார்.

அக்காவின் பில்லில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. மாதம் 900 எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று தனியாக வாங்கிவிட்டு, நாள் கட்டணத்திலும் முப்பது ரூபாயைக் கூலி என்று நிறுத்தினால், ஒரே கூலி இரண்டு இடத்தில் வருகிறதோ?

விடுதி அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்

நல்ல கேள்வி, தம்பி. எங்கள் விடுதியில் 900 போன்ற தொகை விடுதியின் சொந்தப் பணியாளர்களுக்கு, பாத்திரம் வாங்க, பழுது பார்க்க. நாள் கட்டணத்தில் நிற்பது ஒப்பந்ததாரரின் பகுதி. ஆனால் எல்லா இடத்திலும் அப்படியே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. அம்மா எழுத்தில் கேட்டால் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள்.

பட்டம் முடித்த மகளின் தாய்

எங்களுக்கு இன்னும் டெபாசிட் வரவில்லை. மகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டாள். விடுதியில் கேட்டால் கல்லூரி அலுவலகம் என்கிறார்கள், அங்கே கேட்டால் விடுதி என்கிறார்கள். ரிபேட் கேட்கும் படிவத்திலேயே இதையும் கேட்கலாமா?

விடுதி அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்

அது வேறு, அம்மா. டெபாசிட்டுக்கு அறை ஒப்படைத்த சான்றும், நிலுவையில்லாச் சான்றும், டெபாசிட் கட்டிய அசல் ரசீதும் வேண்டும். ரசீதில் பணம் பெற்றவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அங்கேதான் கேட்க வேண்டும். முதலில் அந்த ரசீதைத் தேடி எடுங்கள்.

தனியார் மெஸ்ஸில் சாப்பிடும் மாணவனின் அண்ணன்

தம்பியின் பில்லில் 5 சதவீத வரி என்று ஒரு வரி இருக்கிறது. முழுத் தொகைக்கும் வரி போட்டுவிட்டு, அதற்கும் கீழே ரிபேட்டைக் கழிக்கிறார்கள். 3,600-க்கு 180 வரி, பிறகு 720 கழிவு. கழித்த பிறகு வரி போட்டிருந்தால் 2,880-க்கு 144-தானே வரும்? மாதம் 36 ரூபாய் என்றாலும் ஆண்டுக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

இரு மகன்களின் தந்தை

80சி விஷயம் சொன்னதற்கு நன்றி ஐயா, டியூஷன் சான்று தனியாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் பயண நாள் விஷயத்தில் நான் உடன்படவில்லை. காலை ஆறு மணிக்கே புறப்பட்ட பிள்ளைக்கு அன்றைய சாப்பாடு எதற்கு? எங்கள் விடுதியில் வேளைக் கணக்கில் கழிக்கிறார்கள். மூன்று வேளையும் எடுக்காத நாள் பயண நாளாக இருந்தாலும் கழிவு உண்டு.

முதலாண்டு மாணவியின் தாய்

விதித்தாளை எடுத்துப் பார்த்தேன். பயண நாள்கள் சேராது என்றும், கழிவு நாளுக்கு 90 என்றும் தெளிவாக அச்சிட்டிருக்கிறது. 17 காலை அவள் சிற்றுண்டி சாப்பிட்டுத்தான் கிளம்பினாள், ஆகவே அந்த இரண்டு நாளை விட்டுவிட்டேன். முப்பது ரூபாய் எதற்கு என்று விதித்தாளில் இல்லை. வார்டன் அலுவலகத்துக்கு இன்று எழுதியிருக்கிறேன்.

நோட்டைத் திருத்தி எழுதினேன், கூட்டல் 34,500-க்கே வருகிறது. இனி ஒரே சந்தேகம்: டிசம்பர் விடுமுறைக் கழிவு ஜனவரி பில்லில்தான் வரும். முன்பண இருப்பு 2,980 மட்டும் இருக்கும்போது, டிசம்பருக்கு முழு மாத பில் போட்டுக் குறையும் தொகையை உடனே கட்டச் சொல்வார்களா, அல்லது கழிவு வரும்வரை பொறுப்பார்களா?

மூன்றாமாண்டு மாணவன், மெஸ் குழு உறுப்பினர்

எங்களிடம் கட்டச் சொல்வார்கள், அக்கா. இருப்பு குறைந்தால் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய விடமாட்டார்கள். டிசம்பர் பில்லைப் பார்த்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் கட்டுங்கள். இருபதாயிரத்தையும் மறுபடி கட்டச் சொன்னால், பழைய இருப்பைக் கழித்தார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் செலுத்துங்கள்.