20 லட்சமா, மாதம் 16,000-ஆ? எந்த வட்டியில் கணக்குப் போடுவது?

அப்பா மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இந்த மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். மொத்தமாக 20 லட்சம் வாங்கலாம், இல்லையென்றால் ஆயுள் முழுக்க மாதம் 16,000 பென்ஷன். அவருக்குப் பிறகு அம்மாவுக்குப் பாதி. பென்ஷன் ஏறாது, முதலும் திரும்ப வராது. ஒருமுறை எழுதிக் கொடுத்தால் மாற்ற முடியாது.

அப்பாவுக்கு 60, அம்மாவுக்கு 55. அப்பா 78 வரை, அதன்பின் அம்மா 8 வருஷம் என்று வைத்து, வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பை எக்செலில் 7% வட்டிக்குப் போட்டேன்:

```
=PV(0.07/12,216,-16000)
=PV(0.07/12,96,-8000)/(1+0.07/12)^216
```

முதல் வரி 19.62 லட்சம். அம்மாவின் பங்கு அந்தச் சமயத்தில் 5.87 லட்சம் பெறும், ஆனால் 18 வருஷம் தள்ளி வருவதால் இன்றைக்கு 1.67 லட்சம்தான். கூட்டினால் 21.29, பென்ஷன் மேல்.

அதையே 9% வைத்தால் 18.17-க்கு இறங்குகிறது, மொத்தப் பணம் மேல். வயதை ஓரிரண்டு வருஷம் மாற்றினால்கூட இவ்வளவு ஆடவில்லை. எல்லாம் வட்டியில்தான் நிற்கிறது. தண்டையார்பேட்டையில் தெரிந்த ஆடிட்டர் எஃப்டி வட்டியை வை என்கிறார், மாமா மியூச்சுவல் ஃபண்ட் வருமானத்தை வை என்கிறார். ஏற்ற இறக்கம் இல்லாத பென்ஷனுக்கு ஃபண்ட் வருமானத்தை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்த வீடுதான், கடன் இல்லை, வேறு வருமானமும் இல்லை.

இப்படி ஏறாத, உறுதியான பென்ஷனுக்கு எந்த வட்டி விகிதத்தை வைத்து இன்றைய மதிப்பைப் பார்க்க வேண்டும்?