அமிலம் 30 மி.லி., காரம் 20 மி.லி.: என் விடை காரம், புத்தக விடை அமிலம். எங்கே தவறு?

கயல்_12பி:
30 மி.லி. 0.10 M HCl-உடன் 20 மி.லி. 0.12 M NaOH கலந்தால் pH என்ன என்பது கேள்வி. NaOH-இன் செறிவுதான் அதிகம், அதனால் 0.12-இலிருந்து 0.10-ஐக் கழித்தேன். OH⁻ 0.02 M மிச்சம், pOH 1.70, pH 12.30. புத்தகத்தின் பின்பக்கத்தில் 1.92 என்று இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வந்தால் பரவாயில்லை, அமிலமே காரமாகிவிட்டது! அச்சுப்பிழையா?

மணி_அண்ணா:
இரண்டுமே வலிமையானவை, சேர்ந்தால் உப்பும் தண்ணீரும்தான். NaCl நடுநிலை உப்பு. அப்போ pH 7 வரவேண்டும். அச்சுப்பிழைதான் தங்கச்சி.

பியூரெட்_பாண்டி:
மணி, நீங்கள் சொல்வது இரண்டும் சரிசமமாகத் தீர்ந்தால் மட்டும். இங்கே ஒன்று மிஞ்சுகிறது. புத்தக விடை சரி.

கயல், செறிவு என்பது ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கு. இரண்டு குடங்களில் வேறு வேறு அளவு தண்ணீர் இருக்கும்போது, எது அதிக உப்புக் கரிக்கிறது என்பதை வைத்து எதில் மொத்த உப்பு அதிகம் என்று சொல்ல முடியுமா? அயனிகள் ஒன்றுக்கு ஒன்று எண்ணிக்கையில்தான் அடித்துக்கொள்ளும். அதனால் முதலில் மில்லிமோல் போடு. மி.லி.-ஐ M-ஆல் பெருக்கினால் நேராக மில்லிமோல் வந்துவிடும்.

```
H⁺  : 30 × 0.10 = 3.0
OH⁻ : 20 × 0.12 = 2.4
```

OH⁻ முழுவதும் தீர்ந்துபோகும். மிச்சம் H⁺, 0.6 மில்லிமோல். மடக்கையைத் தொடும் முன்பே விடை 7-க்குக் கீழே என்று தெரிந்துவிட்டது, பார்.

ஜெனி:
மிச்சம் 0.6 சரி. அதை அமிலத்தின் 30 மி.லி.-ஆல் வகுத்தால் 0.02 M, pH 1.70 வருகிறதே. 1.92 எப்படி?

பியூரெட்_பாண்டி:
பாதி வழி சரியாக வந்துவிட்டீர்கள். மிஞ்சிய H⁺ இப்போது அமிலம் இருந்த 30 மி.லி.-இல் மட்டும் இல்லை, NaOH-உடன் வந்த தண்ணீரிலும் பரவிக் கிடக்கிறது. 50 மி.லி.-ஆல் வகுக்க வேண்டும்: 0.012 M, pH 1.92. காரம் தீர்ந்துபோனாலும் அதன் தண்ணீர் எங்கும் போகவில்லை.

ரஹ்மான்:
ஆய்வகத்தில் என் அனுபவம் வேறு. 25 மி.லி. 0.10 M HCl-க்கு அதே செறிவு NaOH 25 மி.லி. விட்டேன், 7 வரவே இல்லை. மீட்டர் 10-ஐக் காட்டுகிறது. மீட்டர் கோளாறா?

பியூரெட்_பாண்டி:
ஒரு சொட்டுதான் கோளாறு சார். சொட்டு சுமார் 0.05 மி.லி., அதாவது 0.005 மில்லிமோல் OH⁻. 50 மி.லி.-இல் அது 0.0001 M, pH 10. ஒரு சொட்டு குறைந்திருந்தால் 4. அந்த இடத்தில் 7-இல் நிறுத்துவது கையால் நடக்காத காரியம். பினாப்தலீன் ஒரே சொட்டில் இளஞ்சிவப்பாவதும் இதனால்தான்.

கயல்_12பி:
புரிந்தது அண்ணா. அடுத்த கணக்கு: 20 மி.லி. 0.10 M HCl, 30 மி.லி. 0.10 M NaOH. மிச்சம் OH⁻ 1.0, 50-ஆல் வகுத்தால் 0.02 M, pH 1.70.

ஜெனி:
OH⁻ மிச்சம் என்று நீயே எழுதிவிட்டு, pH 1.70 என்கிறாயே! அது pOH. 14-இலிருந்து கழி.

கயல்_12பி:
அய்யோ. 12.30. மிச்சம் எது என்று விடைக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

சுதா_மிஸ்:
இதையே கந்தக அமிலத்துக்குச் செய்தால்? 25 மி.லி. 0.10 M H₂SO₄, 40 மி.லி. 0.10 M NaOH. மாணவர்கள் 2-ஆல் பெருக்க மறந்து, காரம் மிச்சம் என்கிறார்கள். நான் H⁺ 5.0, OH⁻ 4.0, மிச்சம் 1.0, மொத்தம் 65 மி.லி., pH 1.81 என்று கொடுத்தேன்.

பியூரெட்_பாண்டி:
மிச்சம் கண்டுபிடித்தது சரி மிஸ். ஆனால் அந்த 1.0 முழுவதும் தனி H⁺ ஆக இருக்காது. பெரும்பகுதி HSO₄⁻ ஆகவே நிற்கும், அதன் இரண்டாவது பிரிகை மாறிலி சுமார் 0.01தான். சமநிலை போட்டுப் பார்த்தால் எனக்கு ஏறக்குறைய 2.4 வருகிறது.

சுதா_மிஸ்:
அப்போ தேர்வில் எதற்கு மதிப்பெண்?

பியூரெட்_பாண்டி:
கேள்வியில் மாறிலி கொடுத்திருந்தால் 2.4. கொடுக்கவில்லை என்றால் 1.81-ஐத்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

மணி_அண்ணா:
சரி, HCl-ஓடு நிறுத்திக்கொள்கிறேன்.