👍 மட்டும் போட்டால் ஏன் சுருக்கென்று இருக்கிறது?

பேரேடு:
ஆபீஸ் வாட்ஸப் குழுக்களில் பார்த்ததை எழுதுங்க. நான் அடிக்கடி பார்க்கிறது இது. ஓய்வுபெற ரெண்டு வருஷம் இருக்கிற மேலாளர் ராத்திரி எட்டரைக்கு எழுதுறார்: "நாளை ஆடிட்டர் வருகிறார். மார்ச் வவுச்சர் முழுவதும் 10 மணிக்குள் மேசையில் இருக்க வேண்டும். 14ஆம் தேதி பில் இரண்டு முறை பதிவாகியிருக்கிறதா?" பதில்: 👍. அதில் ஒரு தகவல், ஒரு வேலை, ஒரு கேள்வி இருக்கு. கட்டைவிரல் எதுக்கு? வவுச்சர் வந்துடும்னா, பில் ரெண்டு தடவை ஏறியிருக்குன்னா? அவர் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கு. கோபம் அங்கேதான் ஆரம்பிக்குது.

வடக்குவாசல்:
ஈரான்ல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறது பழைய வசவு. இந்தியிலயும் கட்டைவிரலைக் காட்டுறதுன்னா "போ, தரமாட்டேன்"னு கைவிரிக்கிறது. அந்த அர்த்தம் மனசுல இருக்கிறதாலதான் பெரியவங்களுக்குப் பிடிக்கல.

தாழ்வாரம்:
ரெண்டு தகவலும் சரி, ஆனா நம்ம பெரியவங்களுக்கு அது காரணமில்ல. அவங்களே பேரன் மார்க் வாங்கினா 👍 போடுறவங்க. அவங்க தேடுறது "ங்க". "சரி"ன்னு சொல்றதுக்கும் "சரிங்க சார்"னு சொல்றதுக்கும் நடுவில இருக்கிற மரியாதை முழுக்க அந்த விகுதியில இருக்கு. படத்துக்கு விகுதி கிடையாது. அதனால மேலாளர் கீழே இருக்கிறவருக்கு 👍 போட்டா யாருக்கும் உறைக்காது, கீழேயிருந்து மேலே போனா "சரி, போ"ன்னு கேட்கும்.

சின்ன வயசுக்காரங்களுக்குக் காரணம் வேற. அவங்க பேச்சுல குரலை எழுத்தாலயே நீட்டுவாங்க: "சரிடாஆ", "ஓகேஏஏ". அந்த இடத்துல 👍 வந்தா கதவைச் சாத்தின மாதிரி. "இன்டர்வியூ முடிஞ்சுது, கிடைக்காதுன்னு தோணுது"ன்னு ஒருத்தி எழுதினா அதுக்கு 👍 எப்படி இருக்கும்? போதாததுக்கு, மெசேஜை அழுத்திப் பிடிச்சா வர்ற 👍 ❤️ 😂 😮 😢 🙏 வரிசையில முதல்ல நிக்கிறது அதுதான். விரல் நகராம கிடைச்சதைத் தொட்டிருக்கேன்னு எதிர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்.

மூணாவது மாடி:
மெசேஜ் மேல ஒட்டுற 👍 வேற, தனி மெசேஜா அனுப்புற 👍 வேற. ஒட்டினது மூலையில சின்னதா உட்காரும், "பார்த்துட்டேன்"னு எடுத்துக்கலாம். தனியா அனுப்பினா பெரிய மஞ்சள் விரலா திரையில நிக்கும், அதுதான் அதிகம் குத்துது. குழுவுல "நாளை லீவு" மாதிரி அறிவிப்புக்கு ஒட்டுறதே நல்லது, நாற்பது பேர் "நன்றி சார்" போட்டா அடுத்த செய்தி மேலே ஓடிடும். கேள்வியோ வேலையோ இருந்தா வார்த்தையில பதில் போடுங்க.

கிளிமூக்கு:
எனக்கும் இந்தத் தொல்லை உண்டு, ராத்திரியெல்லாம் டிங் டிங். Settings, Notifications போய் Reaction notifications-ஐ அணைச்சா நின்னுடும்.

பேரேடு:
சத்தம் நிக்கும், மனவருத்தம் நிக்காதே. நான் கேட்டது அதைத்தான்.

தராசு:
அர்த்தம் தெளிவா இல்லேன்னா மரியாதை மட்டும் போறதில்ல. கனடாவின் சஸ்காச்சுவானில் 2021 மார்ச்ல ஒரு தானிய நிறுவனம் ஆளிவிதை ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து விவசாயிக்கு அனுப்பி, உறுதி செய்யச் சொல்லிச்சு. அவர் 👍 அனுப்பினார். நவம்பர்ல சரக்கு வரல, அதுக்குள்ள விலை ஏறிடுச்சு. "கிடைச்சதுன்னு சொல்லத்தான் போட்டேன்"னார். 2023ல கோர்ட் அதைக் கையெழுத்துக்குச் சமம்னு சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல கட்டச் சொல்லிச்சு. அதுக்கு முன்னாடி அவர் "ok", "yup"னு ஒத்தை வார்த்தையில ஒப்பந்தங்களை உறுதி செஞ்சு, சரக்கும் கொடுத்திருந்தது அவருக்கு எதிரா நின்னுது.

தாழ்வாரம்:
பேரேடு சொன்ன மெசேஜுக்கு இவ்வளவு போதும்: "சரிங்க சார். வவுச்சர் 10 மணிக்குள்ள மேசையில இருக்கும். 14ஆம் தேதி பில்லைப் பார்த்துட்டு ஒன்பதரைக்குச் சொல்றேன்." தட்ட அரை நிமிஷம். கேள்விக்கு விடை தெரியாட்டாலும் எப்போ தெரியும்னு இருக்கு பாருங்க, அவர் நிம்மதியாத் தூங்குவார். நண்பர்னா "அச்சச்சோ, என்ன கேட்டாங்க?"ன்னு ஒரு கேள்வி போதும்.

வடக்குவாசல்:
அப்போ வீட்டுக் குழு? "மாமா காலமானார், எடுப்பு நாலு மணிக்கு"ன்னு வந்ததுக்கு எழுபது வயசு பெரியப்பா 👍 போடுறார். பிள்ளைங்க பதறிப் போறாங்க.

மூணாவது மாடி:
அவர் "வர்றேன்"னு சொல்றார். கடைசியில இருக்கிற 🙏-ஐத் தொடச் சொல்லிக் கொடுக்கலாம்.

வடக்குவாசல்:
அந்த நேரத்துல அவருக்கு யார் சொல்றது?