சந்தேகம்: மார்புக்கும் கைக்கும் சரியாக இருக்கும் சட்டை இடுப்பில் பலூன் போல உப்புகிறது, பக்கத்தைப் பிடித்துத் தைத்த பிறகு கையும் இறுகிவிட்டது

காரைக்குடி இளைஞன்:
வணக்கம். ஏழு ஆண்டுகளாக எடைப் பயிற்சி செய்கிறேன். என் மார்பு 44 அங்குலம், இடுப்பு 33, புட்டம் 40. கையை மடக்கி இறுக்கினால் புஜம் 16½ அங்குலம் வருகிறது. அடுத்த மாதம் தங்கையின் திருமணம் என்பதால், வேட்டிக்கு அணிவதற்காக 44 அளவில் இரண்டு வெள்ளை முழுக்கைச் சட்டைகளை வாங்கினேன். மார்பும் தோளும் நன்றாக இருந்தன; இடுப்பில் மட்டும் துணி இருபுறமும் விரிந்து நின்றது. எங்கள் ஊரிலேயே ஒரு கடையில் கொடுத்து இரண்டையும் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். இப்போது இடுப்பு ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனால் நெஞ்சில் இரண்டாவது பொத்தானுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் இடையில் துணி வாய் பிளக்கிறது, புஜத்தில் கை இறுகுகிறது, முதுகின் கீழ்ப்பகுதியில் துணி இன்னமும் மூட்டையாகத் தொங்குகிறது. எங்கே தவறு நடந்தது, இந்தச் சட்டைகளைக் காப்பாற்ற முடியுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பள்ளத்தூர் நண்பர்:
நண்பரே, 44 வாங்கியதுதான் தவறு. 42 அளவில் ஸ்லிம் ஃபிட்டாக, லைக்ரா கலந்த துணியில் வாங்கினால் உடலோடு இழுத்துக்கொண்டு நிற்கும். நானும் பயிற்சி செய்பவன்தான். மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் அணிகிறேன், தையல்காரரிடம் போகவேண்டிய தேவையே வரவில்லை.

கோட்டையூர் அண்ணன்:
எனக்கும் இதே தொல்லைதான் தம்பி. மார்பு 40, இடுப்பு 43. சட்டை மார்புக்குச் சரியாக இருந்தால் வயிற்றில் பொத்தான் தெறிக்கிறது. இடுப்பைப் பெரிதாக்க வழி தெரிந்தால் எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டைத் தையல்காரர்:
முதலில் காரைக்குடித் தம்பிக்கு. முப்பது ஆண்டுகளாகச் சட்டை வெட்டுகிறேன். உங்கள் உடல்வாகு உள்ளவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள், எல்லோரும் இதே குறையைத்தான் சொல்கிறார்கள்.

நடந்ததை ஊகிக்க முடிகிறது, ஆனாலும் ஒரு டேப்பை எடுத்துச் சட்டையைத் தரையில் விரித்து அளந்து சொல்லுங்கள். அக்குளுக்குக் கீழே குறுக்காக எவ்வளவு, இடுப்பில் எவ்வளவு, புஜத்தில் கை எவ்வளவு அகலம்? பிடிப்பதற்கு முன் இருந்த அளவு பில்லிலோ லேபிளிலோ இருந்தால் அதுவும் வேண்டும்.

காரைக்குடி இளைஞன்:
ஐயா, அளந்துவிட்டேன். சுற்றளவாகச் சொல்கிறேன். முன்பு மார்பு 49, இடுப்பு 47 இருந்ததாகக் கடைக்காரர் எழுதி வைத்திருந்தார். இப்போது மார்பு 44, இடுப்பு 42. கை முன்பு 19½, இப்போது 17.

தேவகோட்டைத் தையல்காரர்:
இந்த அளவுகளிலேயே விடை இருக்கிறது. சட்டையில் கையின் அடித்தையலும் பக்கத் தையலும் ஒரே கோடாக மணிக்கட்டிலிருந்து கீழ் ஓரம் வரை ஓடும். உங்கள் சட்டையைப் பிடித்த தையல்காரர் அந்தக் கோடு முழுவதிலும் ஒன்றேகால் அங்குலம் உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார். முன்பக்கத்தில் ஒன்றேகால், பின்பக்கத்தில் ஒன்றேகால் என்று ஒரு பக்கத்துக்கு இரண்டரையும், இரண்டு பக்கத்துக்கும் ஐந்தும் போய்விட்டன. 44 அங்குல உடம்புக்கு 44 அங்குலச் சட்டை என்றால் மூச்சை இழுக்கக்கூட இடமில்லை; அதனால்தான் பொத்தான் வாய் பிளக்கிறது. மார்பில் குறைந்தது நான்கு அங்குலமாவது தளர்வு வேண்டும், புஜத்தில் இறுக்கிய அளவுக்கு மேல் ஒன்றரை வேண்டும்.

அடுத்தது முதுகு. உங்கள் துணி மிஞ்சுவது பக்கத்தில் அல்ல, முதுகின் பள்ளத்தில். சிறகு போல விரிந்த தோள்பட்டைச் சதையிலிருந்து துணி நேராகத் தொங்குகிறது. அதற்குக் கீழே உடம்பு உள்ளே போய்விடுகிறது. பக்கத்தில் எவ்வளவு பிடித்தாலும் அந்தப் பள்ளம் நிறையாது, பக்கத் தையல்தான் நகரும். சட்டையை அணிந்து நிற்கும்போது யாரையாவது இரண்டு கைகளாலும் முதுகின் கீழ்ப்பகுதியில், முதுகெலும்பிலிருந்து இரு பக்கமும் நான்கு அங்குலம் தள்ளி, துணியைக் கிள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். சட்டை உடனே ஒழுங்காக உட்கார்ந்தால், அங்கே ஊக்கைக் குத்திவிட்டு வாருங்கள். அந்த இடத்தில்தான் டார்ட் பிடிக்க வேண்டும், அதாவது துணியை உள்ளே மடித்து இரு நுனியும் கூராகும்படி தைக்க வேண்டும்.

முதுகின் மேல் பட்டைக்குக் கீழே நடுவில் பெட்டி மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த மடிப்பும் கீழே வரை திறந்து இடுப்பில் துணியைக் கூட்டும்.

பள்ளத்தூர் நண்பர் சொன்னதில் பாதி சரி. லைக்ரா கை மடக்க உதவும். ஆனால் 42 அளவில் தோளும் குறையும். தோள் தையல் கழுத்தை நோக்கி ஏறிவிட்டால் அதைச் சரிசெய்ய வழியே இல்லை. எந்தச் சட்டையையும் தோளுக்கும் மார்புக்கும் வாங்க வேண்டும். இடுப்பைப் பிறகு குறைக்கலாம், தோளைக் கூட்ட முடியாது.

கோட்டையூர் ஐயாவின் கதை இதற்கு நேர் எதிரானது. அதற்கு வெட்டும்போதே முன்பக்கத்தை அகலப்படுத்த வேண்டும். ஆயத்தச் சட்டையில் நடக்காது.

பள்ளத்தூர் நண்பர்:
ஒப்புக்கொள்கிறேன், என் மார்பு 41தான். எனக்குச் சரிவந்தது அவருக்கும் வரும் என்று நினைத்துவிட்டேன். ஆனால் வெள்ளைச் சட்டையில் முதுகில் இரண்டு கோடு தெரிந்தால் பெண்கள் சட்டை போல இருக்குமே?

தேவகோட்டைத் தையல்காரர்:
இதைப் பெரியவர்கள் பலரும் சொல்வார்கள். வெள்ளையில் வெள்ளை நூலால் பிடித்து இஸ்திரி போட்டால் நான்கடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு மெல்லிய கோடாகத் தெரியும். கட்டம் போட்ட துணியில்தான் கட்டம் உடைந்து கண்ணை உறுத்தும். அவரவர் விருப்பம், நான் வற்புறுத்த மாட்டேன்.

இனி, காப்பாற்றும் வழி. அதிகத் துணியை வெட்டாமல் உள்ளே மடித்து வைத்திருந்தால், கையையும் அக்குளுக்குக் கீழே இரண்டு அங்குலம் வரையும் பழைய அளவுக்குத் திறந்துவிடலாம். அங்கிருந்து மெல்லச் சரித்து, இடுப்பில் மட்டும் ஒரு பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் சுற்றளவு குறையும்படி பிடிக்க வேண்டும். 47 அப்போது 44 ஆகும். முதுகில் இரண்டு டார்ட், ஒவ்வொன்றும் ஒன்றேகால் அங்குலம் எடுத்தால் 41½ ஆகும். அதற்கு மேல் ஒரு டார்ட்டில் ஒன்றரைக்கு மேல் எடுத்தால் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் பை போல உப்பும். ஆகவே இந்தச் சட்டை உப்பாமல் நிற்கும், ஒட்டி நிற்காது.

ஒட்டி நிற்க வேண்டுமென்றால் புதிதாக வெட்ட வேண்டும்: மார்பு 48, இடுப்பு 39, கீழ் ஓரம் 44, புஜம் 18, பெட்டி மடிப்பு வேண்டாம். பருத்தி என்றால் துணியை ஊற வைத்துக் காய்ந்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கையின் அளவு போய்விடும். இன்னொன்று, வேட்டியைக் கட்டிக்கொண்டு அளவு கொடுங்கள். சட்டை வெளியே தொங்குவதால் வேட்டியின் மடிப்பு இடுப்பில் நிற்கும். பேன்ட்டில் அளந்து தைத்த சட்டை மணவறையில் உட்காரும்போது கீழே பிடிக்கும்.

காரைக்குடி இளைஞன்:
ஐயா, நேற்று இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் துணி உள்ளே இருக்கிறது, மற்றதில் ஓரத்தை வெட்டி ஓவர்லாக் போட்டுவிட்டார்கள். முதல் சட்டையில் தங்கை முதுகில் ஊக்குக் குத்தியதும் மூட்டை மறைந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறேன். வெட்டிய சட்டையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் சொன்ன அளவில் ஒன்று புதிதாகத் தைக்கக் கொடுக்கப் போகிறேன். அப்பா மட்டும் முதுகில் கோடு வேண்டாம் என்கிறார். டார்ட் இல்லாமல் பக்கத்திலேயே மொத்தத்தையும் எடுத்து வெட்டினால் புதுச் சட்டையில் எவ்வளவு வரை தாங்கும்?

தேவகோட்டைத் தையல்காரர்:
புதிதாக வெட்டும்போது பக்கத்துக்கு மூன்று அங்குலம் வரை சரிவு கொடுக்கலாம் தம்பி, 42 வரை வரும். முதுகுப் பள்ளத்தில் கொஞ்சம் துணி நிற்கும். அப்பாவையும் அழைத்துக்கொண்டு ஒரு ட்ரையல் போட்டுப் பார்த்து, கோடா மூட்டையா என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.