சந்தேகம்: மட்டமாகச் சுழற்றினால் பந்து உருள்கிறது, தூக்கிச் சுழற்றினால் தலைக்கு மேல் எழும்புகிறது

காட்பாடி மாணவன்:
வணக்கம். பள்ளிக் காலம் முழுவதும் கிரிக்கெட் ஆடிவிட்டு, கல்லூரியில் பேஸ்பால் அணியில் சேர்ந்த வலக்கை ஆட்டக்காரன் நான். மட்டையைத் தரைக்கு இணையாகச் சுழற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தபடியே ஆடியபோது, பெரும்பாலான பந்துகள் இரண்டாம் பேஸ் பக்கமாக உருண்டு போயின. அமெரிக்க ஆட்டங்களில் லாஞ்ச் ஆங்கிள் 25, 30 டிகிரி என்று பேசுவதைக் கேட்ட பிறகு, பின்தோளைத் தாழ்த்தி மேல்நோக்கிச் சுழற்றத் தொடங்கினேன். இப்போது பந்து செங்குத்தாக எழும்பி கேட்சரின் கையில் விழுகிறது. மார்பு உயரப் பந்துகளோ மட்டையில் படுவதே இல்லை. எங்கே தவறுகிறேன்?

ஆற்காடு பழைய ஆட்டக்காரர்:
தம்பி, மேல்நோக்கிச் சுழற்றுவதை உடனே விட்டுவிடுங்கள். எங்கள் காலத்தில் மட்டையைத் தோளிலிருந்து கீழ்நோக்கி வெட்டுவது போலக் கொண்டுவரச் சொன்னார்கள். அப்படி அடித்தால் பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே நெடுந்தூரம் மிதந்து செல்லும்.

குடியாத்தம் சாஃப்ட்பால்:
எனக்கு மட்டமான ஸ்விங் நன்றாகவே பலிக்கிறது. உங்கள் மட்டை அதிக எடையாக இருக்கலாம். நான் எடை குறைந்த மட்டைக்கு மாறியதும் சரியானது.

ராணிப்பேட்டை பயிற்சியாளர்:
சகோதரி, சாஃப்ட்பாலில் பந்தை இடுப்பருகே இருந்து கீழ்க்கையாக விடுகிறார்கள். பந்து அதிகச் சரிவின்றி வருவதால், அங்கே மட்டமான ஸ்விங் அதன் பாதையோடு பொருந்திவிடுகிறது. பேஸ்பாலில் பந்து தலைக்கு மேலிருந்து புறப்பட்டு, வேகப்பந்தே ஆனாலும் ஏறத்தாழ 6 டிகிரி சரிவில் ஹோம் பிளேட்டுக்கு இறங்குகிறது. நம் ஊர் பிட்ச்சர்களின் வேகம் குறைவு என்பதால் சரிவு இன்னும் கூடும்.

6 டிகிரி சரிவில் வரும் பந்து 30 செ.மீ. தூரத்திற்குள் சுமார் 3 செ.மீ. இறங்கிவிடும். மட்டையோ ஒரே உயரத்தில் போகிறது. தம்பி சற்றுத் தாமதமாகச் சுழற்றினால், அதற்குள் பந்து கீழே இறங்கிவிட, மட்டை அதன் மேற்பகுதியில் பட்டுத் தரையில் உருட்டுகிறது. இரண்டாம் பேஸ் பக்கம் உருள்வதே தாமதத்திற்கு அடையாளம். பந்தின் விட்டமே 7 செ.மீ. சொச்சம்தான் என்னும்போது, 3 செ.மீ. பிசகு சிறிதல்ல. பந்து இறங்கும் அதே சரிவில் மட்டை ஏறி வந்தால், சற்று முந்தினாலும் பிந்தினாலும் பந்தின் நடுப்பகுதிக்கு அருகிலேயே படும். 1941இல் .406 சராசரி எடுத்த அமெரிக்க பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ் லேசான ஏற்றத்தை வலியுறுத்தியதும் இதற்காகத்தான்.

லாஞ்ச் ஆங்கிள் என்பது மட்டையை விட்டுப் பந்து கிளம்பும் கோணம். மட்டை ஏறும் கோணம் வேறு. நீங்கள் முன்னதை மட்டையிலேயே கொண்டுவரப் பார்த்து 25 டிகிரி ஏற்றினீர்கள். மட்டை 6 முதல் 10 டிகிரி ஏறினாலே போதும். பந்தின் மையத்திற்குச் சற்றுக் கீழே பட்டால், அது 15 டிகிரியில் தானாகவே கிளம்பும். பெரியவர் சொன்ன பின்சுழற்சியும் அவ்வாறு கீழே படுவதால்தான் வருகிறது, வெட்டுவதால் அல்ல.

30 டிகிரி என்பது மணிக்கு 160 கி.மீ. அளவில் பந்தை விரட்டுபவர்களுக்கான கணக்கு. 110 கி.மீ. வேகத்தில் அடித்தால், அதே கோணம் வெளிக்களத்தில் நிற்பவருக்கு எளிய கேட்ச்தான்.

காட்பாடி மாணவன்:
புரிகிறது ஐயா. தோளைத் தாழ்த்தாமல் மட்டையை எப்படி ஏற்றுவது?

ராணிப்பேட்டை பயிற்சியாளர்:
நிற்கும்போதே தாழ்த்துவதுதான் கோளாறு. அப்போது மட்டையின் முனை முன்கூட்டியே விழுந்து, உயரப் பந்துக்கு ஏற வழியில்லாமல் போகிறது. கால்களைத் தோள் அகலத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஊன்றி, தோள்கள் மட்டமாக, கைகள் பின்தோள் உயரத்தில் இருக்கும்படி நில்லுங்கள். கிரிக்கெட் பழக்கத்தில் எடையை முன்காலில் வைத்திருப்பீர்கள்; அதைப் பின்காலுக்கு மாற்றுங்கள். இடுப்பு திரும்பத் தொடங்கிய பிறகு, உடல் பந்தின் உயரத்திற்கேற்பச் சாயும். ஏற்றம் அந்தச் சாய்விலிருந்து வர வேண்டும்.

பந்தை நிறுத்தி வைத்து அடிக்க உதவும் தாங்கியான டீயை இடுப்பு உயரத்தில், முன்காலுக்கு நேராக வைத்து அடியுங்கள். முதல் பேஸ் பக்கமிருந்து கைப்பேசியில் மெதுவியக்கமாகப் படமெடுத்து, பந்தில் படுவதற்கு முந்தைய சில ஃபிரேம்களை மட்டும் பாருங்கள்.

காட்பாடி மாணவன்:
கோட்டை மைதானத்தில் செய்து பார்த்தேன். இடுப்பு உயரப் பந்துகள் பிட்ச்சரின் தலைக்கு மேலாக நேர்கோட்டில் பாய்கின்றன. மார்பு உயரப் பந்து மட்டும் இன்னும் மட்டைக்கு மேலேயே போகிறது.

ஆற்காடு பழைய ஆட்டக்காரர்:
அந்தப் பந்துக்கு மட்டமாகத்தான் சுழற்ற வேண்டும். அதில் என் கருத்து மாறவில்லை.

ராணிப்பேட்டை பயிற்சியாளர்:
அதில் பெரியவர் பக்கம் நியாயம் இருக்கிறது. உயரப் பந்துக்கு உடல் குறைவாகச் சாய்வதால் மட்டையும் ஏறக்குறைய மட்டமாகவே செல்லும். ஆனால் அதற்கென்று தனி ஸ்விங் பழக்குவதா, இரண்டு ஸ்ட்ரைக் ஆகும் வரை அந்தப் பந்தை விட்டுவிடுவதா என்பதில் பயிற்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் விடச் சொல்வேன். டீயை மார்பு உயரத்திற்கு ஏற்றி அடித்து, அந்தப் படத்தையும் இங்கே போடுங்கள்.