புதுப்பிப்பு: இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கிய வலி

“இடுப்பில் பிடித்த வலி இடது பின்தொடை வழியாகச் சுண்டுவிரல் வரை சுரீரென்று இறங்குகிறது. தும்மினால் உயிர் போகிறது. இது என்ன?”

நான் முன்பு இப்படிக் கேட்டதற்குப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி. பிசியோதெரபி நண்பர் கணித்ததுதான். மருத்துவர் என்னை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கினார். பாதி உயரத்திலேயே வலி பாய்ந்தது. குதிகால் தசைநாணில் சுத்தியலால் தட்டியபோது இடது பாதம் துள்ளவில்லை. முதுகெலும்பின் கடைசி டிஸ்க் பிதுங்கி, காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பின் வேர் ஒன்றை உறுத்துகிறதாம்.

முழு ஓய்வு எடுக்கச் சொன்னவர் பாதி சரி: ஓரிரு நாள் உதவியது, பிறகு இடுப்பு இறுகிவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் சொன்ன அன்பரே, என் முழங்கால் நலம்!

பலித்தது நண்பர் சொன்ன பயிற்சி: குப்புறப் படுத்து, இடுப்பைத் தரையில் விட்டுக் கையூன்றி மார்பை உயர்த்துவது. எதிர்பாராதது, கால்வலி புட்டத்துக்கு ஏறி, இடுப்புவலி சில நாள் கூடியது. வலி மேலே சுருங்கினால் நல்ல அறிகுறி, கீழே இறங்கினால் நிறுத்துங்கள் என்றார் நண்பர். சிறுநீர் வராமல் போனாலோ, தொடைகளுக்கு இடையே மரத்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

சுண்டுவிரல் மரமரப்பு மட்டும் இன்னும் போகவில்லை.