ராஜினாமாக் கடிதத்தில் கடைசி நாளை எப்படிக் குறிப்பது?

சாண்ட்டன் நிரலாளர்: வணக்கம். நான் இங்கே ஜோகன்னஸ்பர்க்கில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். கூடுதல் சம்பளத்துக்கு வேறோர் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அக்டோபர் 13 அன்று சேர வேண்டும். மேலாளர் நல்லவர் என்பதால் மனக்கசப்பின்றி, நோட்டீஸ் காலத்தை முழுமையாக முடித்துவிட்டு விலக விரும்புகிறேன். இன்று செப்டம்பர் 8. நான்கு வாரங்கள் கணக்கிட்டு, "என்னை அக்டோபர் 6 அன்று பணியிலிருந்து விடுவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறேன். இது போதுமா? மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

கேப்டவுன் கவிதா: எத்தனை ஆண்டுகளாக அங்கே இருக்கிறீர்கள்? ஒப்பந்தத்தில் நான்கு வாரம் என்றிருக்கிறதா, ஒரு மாதம் என்றிருக்கிறதா? புதிய இடத்தின் ஒப்பந்தத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டாயிற்றா?

பிரிட்டோரியா மாமா: கேள்வி கேட்பதற்கு முன் சொந்த ஒப்பந்தத்தைப் படிக்கும் வழக்கம் நம்மவர்களுக்கு எப்போது வருமோ தெரியவில்லை. 1997ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், ஓராண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வாரம் என்கிறது. ஒப்பந்தம் என்ன சொன்னாலும் சட்டமே மேலானது. அனுப்பிவிடுங்கள்.

பீனிக்ஸ் தம்பி: எனக்கு விசா பிரச்சினை இருந்தது. விசாவில் நிறுவனத்தின் பெயர் குறிக்கப்பட்டிருந்ததால், உள்துறையில் அதை மாற்றும் வரை புதிய இடத்தில் சேர முடியாமல் அலைந்தேன். முதலில் அதைப் பாருங்கள்.

சாண்ட்டன் நிரலாளர்: மூன்று ஆண்டுகள். புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. எனக்கு நிரந்தர வசிப்புரிமை உண்டு. பழைய ஒப்பந்தத்தில் "ஒரு காலண்டர் மாதம், மாதத்தின் முதல் நாளிலிருந்து" என்றிருக்கிறது. இரு தரப்புக்கும் அதுவே.

சாட்ஸ்வொர்த் அக்கா: தம்பி, அந்த வரியைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் பல ஆண்டுகள் பணியாளர் பிரிவில் இருந்தவள். மாமா சொல்வது பாதி சரி. நான்கு வாரம் என்பது சட்டம் வைத்த குறைந்தபட்சம்; ஒப்பந்தம் அதைவிட நீண்ட காலம் கேட்கலாம். நிறுவனம் தரவேண்டியதைவிட அதிகமான நோட்டீஸைத் தொழிலாளியிடம் கேட்கக் கூடாது என்பதே கட்டுப்பாடு. உங்கள் ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் சமமாக இருப்பதால் அது செல்லும். இன்று கடிதம் கொடுத்தால் கணக்கு அக்டோபர் 1 அன்று தொடங்கி 31 அன்று முடியும். ஆகஸ்ட் மாதத்துக்குள் கொடுத்திருந்தால் செப்டம்பர் 30 அன்றே முடிந்திருக்கும்.

இன்னொன்று, "விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பது இந்தியாவிலிருந்து வந்த வழக்கம். இங்கே ராஜினாமா ஒருதலையான அறிவிப்பு. நிறுவனம் ஏற்க வேண்டியதில்லை, நீங்கள் கொடுத்தபின் அவர்கள் சம்மதமின்றித் திரும்பப் பெறவும் முடியாது. எனவே அறிவிப்பையும் வேண்டுகோளையும் தனித்தனிப் பத்திகளில் வையுங்கள். பொருளைத் தமிழில் தருகிறேன்:

"மென்பொருள் பொறியாளர் பணியிலிருந்து விலகுகிறேன் என்பதை இக்கடிதத்தின் மூலம் தெரிவிக்கிறேன். ஒப்பந்தத்தின்படி என் கடைசி வேலை நாள் அக்டோபர் 31.

வேறொரு வாய்ப்பை ஏற்றிருப்பதால், இயலுமானால் அக்டோபர் 10 அன்றே விலக அனுமதி கோருகிறேன். அதற்குப் பிந்தைய நாட்களுக்குச் சம்பளம் எதிர்பார்க்கவில்லை. அனுமதி கிடைக்காவிட்டால் 31 வரை பணியாற்றுவேன். அதுவரை என் பொறுப்பிலுள்ள நிரல்களையும் சேவையகக் கணக்குகளையும் ஒப்படைப்பதற்கான பட்டியலை இந்த வாரத்திலேயே தருகிறேன்.

மூன்று ஆண்டுகளாக நீங்கள் தந்த வழிகாட்டுதலுக்கு நன்றி."

புதிய சம்பளமும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். சம்பளம் பற்றிய வாக்கியம் முக்கியம்: நிறுவனமே நோட்டீஸைக் குறைத்தால் அந்த நாட்களுக்கு ஊதியம் தர வேண்டும், நீங்கள் கேட்டுக் குறைத்தால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டபடிதான். பதிலை எழுத்தில் வாங்குங்கள். புதிய இடத்தில் நவம்பர் 3க்கு மாற்ற முடியுமா என்று இன்றே கேட்டுவையுங்கள்.

டர்பன் கணினிக்காரர்: இவ்வளவு எதற்கு? மீதமுள்ள ஆண்டு விடுப்பை எடுத்துக்கொண்டு அக்டோபர் 10 அன்றே வெளியேறலாமே. என் நண்பர் அப்படித்தான் செய்தார்.

சாட்ஸ்வொர்த் அக்கா: நோட்டீஸ் காலத்தில் ஆண்டு விடுப்பு எடுக்கும்படி நிறுவனம் கட்டாயப்படுத்தவும் கூடாது, அனுமதிக்கவும் கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. எடுக்காத விடுப்புக்குக் கடைசியில் பணம் தர வேண்டும்.

டர்பன் கணினிக்காரர்: சட்டம் சொல்லும் 21 நாட்களுக்கு மேல் நிறுவனம் தரும் கூடுதல் விடுப்புக்கும் அது பொருந்துமா?

பிரிட்டோரியா மாமா: விடுப்பு விடுப்புதான். இதில் வாதம் எதற்கு?

கேப்டவுன் கவிதா: இல்லை மாமா, கூடுதல் விடுப்பு ஒப்பந்தத்தின் பாற்பட்டது, அதற்கு ஒப்பந்தமே விடை சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். நடைமுறையில் பல நிறுவனங்கள் எல்லா விடுப்பையும் அனுமதித்துவிடுகின்றன என்பதும் உண்மை.

பிரிட்டோரியா மாமா: நடைமுறை வேறு, சட்டம் வேறு. நான்கு வாரம் என்று நான் சொன்னதும் சட்டம்தான்.

சாண்ட்டன் நிரலாளர்: கடிதத்தை அக்கா சொன்னபடி கொடுத்தேன். மேலாளர் அக்டோபர் 17 வரை கேட்கிறார். புதிய இடத்தில் 20க்கு ஒத்துக்கொண்டார்கள். பணிச் சான்றிதழைத் தனியாகக் கேட்க வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் அக்கா: அது உங்கள் உரிமை, விலகும்போது நிறுவனம் தர வேண்டும். 17 என்பதை மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு விட வேண்டாம்.